வாலிநோக்கம் புல்லில் எடுத்த படம்: குச்சிப்பூச்சியா, கும்பிடுபூச்சியா?

வாலிநோக்கத்து மருமகள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கண்மாய்க் கரையில் மகளை நிற்க வைத்துப் படம் எடுத்தேன். இடுப்பளவு காய்ந்த புல், பின்னால் பனை. அவ்வளவுதான் படம். ராத்திரி அத்தைக்குக் காட்ட போனைக் கொடுத்தேன். அவர் பேத்தி முகத்தைப் பெரிதாக்கப் போய் விரல் நழுவி, பக்கத்துப் புல் பெரிதாகிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஏம்மா, இந்தப் புல்லுக்குக் கண் இருக்கே” என்றார்.

எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. பிள்ளையின் முழங்கைக்கு நாலு விரல் தள்ளி ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது. எடுக்கும்போது நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. மறுநாள் “குச்சிப்பூச்சி” என்று எழுதி அவள் வகுப்புக் குழுவில் போட்டேன். ஒருவர் “அது குச்சிப்பூச்சி இல்லை” என்று மட்டும் எழுதினார், ஏன் என்று சொல்லவில்லை. அத்தை பெருமாள் பூச்சி, அதாவது கும்பிடுபூச்சி என்கிறார். மகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்றே இருக்கிறது. வெட்டாத படத்தையே போட்டிருக்கிறேன். பூச்சி இடது ஓரத்தில், மஞ்சள் சட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மண்டபம் படகுக்காரன்

கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆச்சு அக்கா. ஆனால் இது சுலபம். கால் எத்தனை தெரிகிறது? நாலு. நாலு காலில் நின்றால் கும்பிடுபூச்சி, ஆறு காலும் ஊன்றியிருந்தால் குச்சிப்பூச்சி. முன்னங்கை இரண்டையும் கும்பிட மடக்கி வைத்திருக்கும், அதனால் நாலுதான் தெரியும்.

எங்கள் வலைக் கொட்டகையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நைலான் கயிற்றில் ஒட்டின சருகு என்று நினைத்து ஊதினேன். சருகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அன்றைக்கு முழுக்க வலையில் கை வைக்கவே யோசனையாக இருந்தது.

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்

தம்பி சொன்ன விடை சரி, வழி தப்பு. அந்த வழியில் நானே ஒரு முறை விழுந்தேன், அதனால் சொல்கிறேன்.

சிறுமலையில் ராத்திரி டார்ச் வைத்துக்கொண்டு போனபோது ஒரு குச்சியில் நாலு கால் எண்ணினேன். கும்பிடுபூச்சி என்று நோட்டில் எழுதிவிட்டேன். கூட வந்த மாணவி, “சார், குச்சி நுனி ரெண்டாப் பிளந்திருக்கு” என்றாள். முன்கால் இரண்டையும் உணர்கொம்போடு சேர்த்து நேராக முன்னால் நீட்டி வைத்திருந்தது. குச்சி இன்னும் கொஞ்சம் நீண்ட மாதிரி, அவ்வளவுதான். குச்சிப்பூச்சி அப்படித்தான் ஒளியும். முன்தொடையின் அடிப்பகுதி உள்வாங்கி வளைந்திருக்கும், தலை அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும். போதாததற்கு அது காலை எளிதில் உதிர்த்துவிடும். நாலு காலோடு திரியும் குச்சிப்பூச்சியும் உண்டு. இந்தப் பக்கம் புல்லில் வாழும் நீளமான கும்பிடுபூச்சியும் ஆபத்து என்றால் கும்பிடுவதை விட்டுவிட்டு முன்கையை நீட்டிக்கொள்ளும். அப்போது இரண்டும் ஒரே மாதிரிதான்.

ஆகவே எத்தனை கால் என்று பார்க்காதீர்கள். கால்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பாருங்கள்.

கும்பிடுபூச்சிக்கு நீண்டிருப்பது கழுத்து மாதிரித் தெரிகிற முதல் மார்புத் துண்டு. முன்கால் அதன் மேல் முனையில், தலையை ஒட்டி இருக்கும். அப்புறம் வெறும் தண்டு. அது முடிந்த இடத்தில் நடுக்காலும் பின்காலும் கிட்டக் கிட்ட முளைக்கும். குச்சிப்பூச்சிக்கு அந்த முதல் துண்டு குட்டை, அடுத்த இரண்டும்தான் நீளம். அதனால் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலேயே நல்ல இடைவெளி இருக்கும்.

அம்மா போட்ட படத்தைக் கணினியில் விரித்து, திரைமேலேயே அடிக்குச்சி வைத்து அளந்தேன். தலையை அடுத்த மூட்டிலிருந்து நடுக்கால் வரை 4 செ.மீ. நடுக்காலிலிருந்து பின்காலுக்கு ஒரு செ.மீ.கூட இல்லை. பூச்சியின் உண்மையான அளவு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விகிதம் போதும். இது கும்பிடுபூச்சி. உங்கள் அத்தை சொன்னதுதான் சரி.

கீழக்கரை ரசீதா

எனக்கும் ஒன்று சொல்லணும். சீமைக்கருவேல விறகுக் கட்டில் ஒரு குச்சியில் காய்ந்த நுரை மாதிரி, பழுப்பாக, கெட்டியாக ஒட்டியிருந்தது. பிசின் என்று நினைத்துப் பையன் அலமாரியில் வைத்துவிட்டான். மூன்று வாரம் கழித்துக் காலையில் திரைச்சீலை முழுக்கக் கொசு அளவில் கும்பிடுபூச்சிக் குட்டிகள், எல்லாம் வாலை மேலே மடக்கிக்கொண்டு! என் மாமியார் விளக்குமாற்றோடு வந்தார், நான் கையைப் பிடித்துவிட்டேன். பாதியை எறும்பு கொண்டுபோனது. மீதியைக் கொல்லையில் முருங்கையில் விட்டோம்.

அந்த நுரைக்கூடு குச்சிப்பூச்சியுடையதாக இருக்குமா என்று பையன் கேட்டான்.

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்

இருக்காதும்மா. குச்சிப்பூச்சிகள் பெரும்பாலும் முட்டையை ஒவ்வொன்றாக, விதை மாதிரிக் கீழே உதிர்த்துவிடும். நுரை கட்டி ஒட்டுவது கும்பிடுபூச்சி. குட்டிகளைப் பார்த்த பிறகு பையனுக்கு ஏன் இந்தச் சந்தேகம்?

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்

இங்கே எல்லோரும் குச்சியையும் கும்பிடையும் மட்டும் பேசுகிறீர்கள். நான் இலைப்பூச்சியே பார்த்திருக்கிறேன். மொட்டைமாடி ட்யூப்லைட் கீழே, அசல் கொய்யா இலை. நரம்பு, நடுக்கோடு, ஓரத்தில் பழுப்பு உட்பட எல்லாம். எடுத்துக் குப்பையில் போடப் போனேன், கையில் உதைத்துவிட்டு ஒரே தாவலில் சுவரில் போய் உட்கார்ந்தது. அந்த உதை இன்னும் விரலில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்

உதைத்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இலைப்பூச்சிக்கு உதைக்கிற கால் கிடையாது. அது குச்சிப்பூச்சிக்குச் சொந்தம், மெதுவாக ஆடி ஆடி நடக்கும். வயிறு தட்டையாக அகன்றிருக்கும், காலிலேயே இலைத்துண்டு மாதிரி மடல் இருக்கும். நீங்கள் பார்த்தது இலை வெட்டுக்கிளி. தொடை பருத்த நீளமான பின்கால் இருந்ததா? உடம்பைவிட நீளமாக நூல் மாதிரி மீசை இருந்ததா? அசல் இலைப்பூச்சி ஈரக்காட்டுப் பிராணி. மேற்குத் தொடர்ச்சி மலையில் தேடலாம், உப்புக்காற்றில் கஷ்டம்.

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்

மீசை பார்க்கவில்லை. கால் பருமனாகத் தெரியவில்லை, மடக்கி வைத்திருந்தது. யாராவது கொய்யாக் கன்று வாங்கி வந்தபோது கூட வந்திருக்கக் கூடாதா? பேருந்தில் ஆளே வருகிறான், பூச்சி வராதா?

ஏர்வாடி போன் கேமராக்காரன்

வாத்தியார் சார் அளப்பதற்கு முதலில் பூச்சி படத்தில் தெரிய வேண்டுமே. நான் நாலு வருடமாக எடுக்கிறேன். என் கதை சின்னது. அரியமான் கடற்கரைப் பக்கம் ஒரு சீமைக்கருவேலச் செடி, மத்தியானம் ஒரு மணி. செடியில் ஒன்றுமே இல்லை. கீழே மணலில் நிழலைப் பார்த்தால் முள்ளுக்கு நடுவே ஒரு பிடில் தொங்குகிறது! நிழலிலிருந்து மேலே ஏறித்தான் கண்டுபிடித்தேன். காய்ந்த சருகு மாதிரி, கால் மூட்டெல்லாம் இலைக் கிழிசல், கழுத்து ஈர்க்குச்சி, அதன் நுனி மட்டும் அகன்று. கோங்கிலஸ் கோங்கிலோடிஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிடில் கும்பிடுபூச்சி என்றே சொல்கிறோம். மீசை சீப்பு மாதிரிப் பல்லோடு இருந்ததால் ஆண்.

அதிலிருந்து கற்றது. பூச்சியைத் தேடாதீர்கள், காற்றைப் பாருங்கள். காற்று அடிக்கும்போது அதுவும் ஆடும், நின்ற பிறகும் இரண்டு ஆட்டம் கூட ஆடும். அந்தக் கூடுதல் ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் நேர் எதிரே நின்று எடுக்காதீர்கள், பின்னால் அதே புல் இருந்தால் புல்லோடு கரைந்துவிடும். உட்கார்ந்து, வானம் பின்னால் வருகிற மாதிரிப் பக்கவாட்டில் எடுங்கள். கால் முளைக்கிற இடம் அப்போதுதான் தெரியும். வானம் இல்லையென்றால் கூட வந்தவரின் உள்ளங்கையைப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள், தொட வேண்டாம். முதல் படம் முழு உடல், இரண்டாவது தலை, மூன்றாவது முன்கால். போன் தானாகப் பின்புலத்தை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது மீசையையும் காலையும் சேர்த்து அழித்துவிடும். என்னிடம் அப்படிக் கால் இல்லாத பூச்சி முப்பது இருக்கிறது. ஃபிளாஷ் போட்டால்...

மண்டபம் படகுக்காரன்

அண்ணே, அக்கா எடுத்து முடித்துவிட்டார்கள். பொங்கல் போய்விட்டது. வாத்தியார் சார், கும்பிடுபூச்சி சரி. அதில் எது? அதுவும் பிடிலா?

ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார்

பிடில் இல்லை. கால் மூட்டில் மடலே இல்லை, உடம்பு முழுக்க ஒரே கனம். புல்லில் இருக்கிற இந்த மெலிந்த உடம்புக்கு முதலில் ஸ்கிசோசெஃபலா பைகார்னிஸ் நினைவுக்கு வருகிறது. பைகார்னிஸ் என்றால் இரட்டைக் கொம்பு. கண் இரண்டும் உருண்டையாக இல்லாமல் கூர்மையாக நீண்டிருக்கும், தூரத்திலிருந்து கொம்பு மாதிரித் தெரியும். அம்மா, உங்கள் படத்தில் போன் குழந்தையின் முகத்தில்தான் குறி வைத்திருக்கிறது. பூச்சியின் தலை நாலைந்து புள்ளியாகக் கலைந்திருக்கிறது. கூர்மை இருக்கிற மாதிரியும் இருக்கிறது, புல் நுனி பின்னால் வந்த மாதிரியும் இருக்கிறது. நான் பெயர் எழுதமாட்டேன். இறக்கையும் தெரியவில்லை, வளர்ந்ததா குஞ்சா என்றும் சொல்ல முடியாது. கும்பிடுபூச்சி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேறு படம் உண்டா?

வாலிநோக்கத்து மருமகள்

அன்று எடுத்தது பதினொன்று. எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இன்னொன்றில் இருக்கிறது, ஆனால் மகளின் ரிப்பன் தலையை மறைக்கிறது. கழுத்தும் நாலு காலும் மட்டும் தெரிகிறது. நீங்கள் சொன்ன மாதிரி அளந்தேன், அதே விகிதம். அத்தையிடம் சொன்னேன். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றார்.

கண்ணை மட்டுமாவது எடுக்கலாம் என்று போன ஞாயிறு திரும்பப் போனோம். ஆட்டுக்குப் புல் அறுத்துக் கட்டுக் கட்டாக வரப்பில் போட்டிருந்தார்கள். மகள் ஒரு கட்டைப் பிரித்து ஒவ்வொரு புல்லாக எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்த அம்மா திட்டியதும் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்

ட்யூப்லைட் கீழே இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். வந்தால் மீசையைப் படம் எடுத்துப் போடுகிறேன்.