டயஃப்ரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த கட்டி: வைவா அனுபவங்கள்

மஞ்சக்குப்பம் மாணவி:
போன வாரம் எங்களுக்கு வைவா. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் ஒரு அல்ட்ராசவுண்ட் படத்தை நீட்டினார். கல்லீரலுக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை, ஹீமாஞ்சியோமா. டயஃப்ரத்தைத் தாண்டி, நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில், அதே மாதிரி இன்னொன்று. "காற்றுக்குள்ள ஒலி போகாதுன்னு இப்பதானே சொன்னீங்க? அப்புறம் அங்க இருக்கிற கட்டி எப்படித் தெரியுது?" என்றார். மிரர் இமேஜ் என்று பெயரைச் சொன்னவர்களையும் விடவில்லை. இரண்டாவது உருண்டை எத்தனையாவது சென்டிமீட்டரில் விழும், ஏன் அங்கே விழுகிறது என்று பிடித்துக்கொண்டார். உங்களில் யாருக்காவது இது வந்திருக்கிறதா?

பாகூர்:
எனக்கும் வந்தது. ரிவெர்பரேஷன் என்று சொன்னேன், பாதி மார்க் கிடைத்தது. ஒலி டயஃப்ரத்துக்கும் ப்ரோபுக்கும் நடுவே திரும்பத் திரும்ப மோதுகிறது, அதனால் ஒரே பொருள் இரண்டாகத் தெரிகிறது. அவ்வளவுதானே?

நெல்லிக்குப்பம் பெரியவர்:
தம்பி, இதைத்தான் நாங்கள் இடவலம் மாறியது என்போம். செஸ்ட் எக்ஸ்ரேயில் L மார்க்கரை வலப்பக்கம் வைத்துவிட்டால் இதயம் வலப்பக்கம் இருப்பது போலத் தெரியும். கேசட் காலத்தில் இதற்காக எத்தனை பேர் திட்டு வாங்கியிருக்கிறோம்! மார்க்கரைச் சரியாக வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

முத்தியால்பேட்டை அக்கா (ஸ்கேன் அறையில் வேலை):
ஐயா, நீங்கள் சொல்வது வேறு விஷயம். இங்கே மார்க்கர் சரியாகவே இருக்கிறது, இல்லாத இடத்தில் கட்டி முளைக்கிறது.

பாகூர் தம்பிக்கு: மோதித் திரும்புவது சரி, வழிதான் வேறு. ரிவெர்பரேஷனில் சம இடைவெளியில் வரிவரியாக வரும். இங்கே ஒரே ஒரு நகல். ஒலி எப்போதும் நேர்கோட்டில் போய் அதே கோட்டில் திரும்புகிறது, வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்றே மெஷின் நம்புகிறது. அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர சுமார் 13 மைக்ரோநொடி.

இப்போது ஒரு கோட்டில் டயஃப்ரம் 10 சென்டிமீட்டரில் இருப்பதாக வையுங்கள். அதன் பின்னால் காற்று, அதனால் வந்த ஒலியில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பிவிடும். டயஃப்ரம் சரிந்திருப்பதால் அது ப்ரோபை நோக்கி வராமல் பக்கவாட்டில் தெறித்து, 3 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் உருண்டையில் பட்டு, வந்த வழியே டயஃப்ரத்தைத் தொட்டு ப்ரோபுக்கு வருகிறது. போக 13 சென்டிமீட்டர், வர 13. சுமார் 169 மைக்ரோநொடி கழித்து வந்த எதிரொலியை மெஷின் 13 சென்டிமீட்டரில், அதே நேர்கோட்டில் வரைந்துவிடும். அதாவது டயஃப்ரத்துக்கு 3 சென்டிமீட்டர் அப்பால். நிஜ உருண்டையை வேறொரு கோடு நேராகவே பார்த்துவிடுகிறது. அதனால்தான் இரண்டும் ஒரே படத்தில்.

இதைப் படமாக வரைந்து காட்டினால் எந்த எக்ஸ்டர்னலும் மேலே கேட்கமாட்டார். டயஃப்ரம் வளைந்திருப்பதால் நகல் கொஞ்சம் கோணலாக வரும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் நிஜம்தான்.

பாகூர்:
அக்கா, அப்போ நிஜத்தையும் நகலையும் பிரிப்பது எப்படி?

முத்தியால்பேட்டை அக்கா:
"மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து ப்ரோபைச் சாய்ப்பேன். கோணம் மாறினால் நகல் இடம் மாறும், பல நேரம் காணாமல் போகும். நிஜம் எந்தக் கோணத்திலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்று, நகல் வருகிறதே என்று எரிச்சல்படாதீர்கள். டயஃப்ரத்துக்கு மேலேயும் கல்லீரலின் நகல் தெரிந்தால், அந்த இடத்தில் காற்று நிறைந்த நுரையீரல் இருக்கிறது என்று அர்த்தம். ப்ளூரல் எஃப்யூஷன் சேர்ந்திருந்தால் ஒலி தண்ணீருக்குள் போய்விடும். கண்ணாடி போய், கறுப்பாகத் தெரியும், முதுகெலும்பின் வெள்ளைக் கோடும் டயஃப்ரத்தைத் தாண்டி மேலே தொடரும். நகல் காணோம் என்றால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஆனால் நிமோனியாவில் இறுகிப்போன நுரையீரலிலும் நகல் போய்விடும், அதனால் நகல் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் என்று எழுதக்கூடாது.

கடலூர் ஓ.டி.:
என் அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தபோது நெஞ்சில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். இது அதுவாகத்தான் இருக்குமோ?

முத்தியால்பேட்டை அக்கா:
படத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாதுங்க. இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

பாகூர்:
எங்கள் சார் ஹார்மோனிக் போட்டால் போய்விடும் என்கிறார், கெயினைக் குறைத்தாலும் போகுமாம்.

முத்தியால்பேட்டை அக்கா:
கெயினைக் குறைத்தால் நிஜமும் சேர்ந்து மங்கும், என்ன லாபம்? ஹார்மோனிக் எங்கள் மெஷினில் நகலைக் கொஞ்சம் மங்க வைக்கிறது, முழுக்க அழிந்து நான் பார்த்ததில்லை.

மஞ்சக்குப்பம் மாணவி:
எங்கள் மேடம் ஹார்மோனிக்கால் வித்தியாசமே இல்லை என்கிறார்கள். நாளைக்கு லேபில் மூன்று கோணத்திலும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அப்புறம் எழுதுகிறேன்.