அம்மாவின் ஐ.என்.ஆர். 7.2: அந்த இரவு நடந்தது

கலா, பட்டர்வொர்த்

போன மாதம் நடந்தது. அம்மாவுக்கு 71 வயது, 58 கிலோ. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுவதால், ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்பது வருடமாக வார்ஃபரின் சாப்பிட்டு வந்தார். இருமல் விடவில்லை என்று பக்கத்து கிளினிக்கில் காட்டினோம், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும் என்று எனக்குத் தெரியாது. வார்ஃபரின் சாப்பிடுவதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. "பிரஷ் புதுசு, அதான்" என்றார் அம்மா. மறுநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம், அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு வாந்தி. பேச்சு குழறியது.

அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தக் கசிவு. ஐ.என்.ஆர். 7.2. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். டாக்டர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி: கடைசி மாத்திரை எப்போது, எடை எவ்வளவு.

முதலில் 10 மில்லிகிராம் வைட்டமின் கே, சின்ன டிரிப்பில் அரை மணி நேரம் மெதுவாக ஏறியது. சீக்கிரம் ஏற்றக் கூடாதா என்று நான் பதறினேன். வேகமாக ஏற்றினால் சிலருக்கு அலர்ஜி மாதிரி ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும் என்றார் தாதி. அதற்குள் ஆறு சின்னப் புட்டிகள் வந்தன, பி.சி.சி. என்றார்கள். உள்ளே பொடி. தண்ணீர் விட்டு, குலுக்காமல், மெல்லச் சுழற்றிக் கரைத்தார்கள். மொத்தம் 3000 யூனிட். ஏற்றி முடித்து அரை மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஐ.என்.ஆர். 1.3. காலையில் 1.2. இரண்டாவது ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை, தலையைத் திறக்காமலே தப்பித்தார்.

என் கேள்வி இது. இரண்டும் கொடுத்தது அவசியம்தானா? இனி வார்ஃபரினை விட்டுப் புது மருந்துக்கு மாற்றலாம் என்கிறார்கள். அதில் ரத்தம் கசிந்தால் என்ன செய்வார்கள்?

மூர்த்தி, செந்தூல்

வைட்டமின் கே ஊசி ஒன்றே போதும், அதுதான் வார்ஃபரினுக்கு முறி மருந்து. மீதி எல்லாம் பில் ஏற்றும் வேலை. 2011ல் எங்கள் அப்பாவுக்கு வயிற்றில் ரத்தம் கசிந்தபோது ஊசியும், தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவும்தான் கொடுத்தார்கள், பிழைத்தார். புது மருந்துக்கு முறி மருந்தே கிடையாது. பழையதிலேயே இருங்கள்.

சிவகாமி, ஓய்வுபெற்ற மருத்துவமனை மருந்தாளர், ஜார்ஜ்டவுன்

மூர்த்தி தம்பி, பாதி சரி. வார்ஃபரின் ரத்தத்தைத் தொடுவதில்லை. ரத்தம் உறைய வேண்டிய நான்கு புரதங்களைக் கல்லீரல் ஒழுங்காகச் செய்யவிடாமல் தடுக்கிறது. வைட்டமின் கே அந்தத் தடையை எடுக்கும். ஆனால் கல்லீரல் புதிதாகச் செய்து வெளியே அனுப்பி, பலன் தெரிய ஆரம்பிக்கவே நாலு முதல் ஆறு மணி நேரம். முழுசாகச் சரியாக அரை நாளோ ஒரு நாளோ ஆகும். மண்டைக்குள் கசியும் ரத்தம் அதுவரை காத்திருக்காது. பி.சி.சி.யில் அந்த நான்கு புரதங்களும் தயாராகவே இருக்கின்றன. உள்ளே போனதும் வேலை தொடங்கும்.

அப்படியானால் பி.சி.சி. மட்டும் போதுமே என்று வார்டில் நிறைய பேர் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் ஏமாறுவார்கள். அந்த நான்கில் ஏழாம் காரணி என்ற ஒன்று சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வைட்டமின் கே கொடுக்காவிட்டால் இரவு 1.3 இருந்த ஐ.என்.ஆர். மறுநாள் மறுபடி ஏறி நிற்கும். கலா, அம்மாவுக்குக் காலையில் ஏறாமல் இருந்ததே அந்த டிரிப்பால்தான்.

பிளாஸ்மாவுக்கு வருவோம். கிலோவுக்கு 15 மில்லி என்று வைத்தால் அம்மாவுக்கு 870 மில்லி. அதை உறைநிலையிலிருந்து உருக்கவே அரை மணி நேரம் போகும், அப்புறம்தான் ஏற்ற ஆரம்பிக்க முடியும். ஆறு புட்டி பி.சி.சி. கரைத்தால் 120 மில்லி. அளவு எடையையும் ஐ.என்.ஆரையும் பொறுத்தது. 6க்கு மேல் போனால் கிலோவுக்கு 50 யூனிட் என்பது வழக்கமான கணக்கு, 58 கிலோவுக்கு 2900. புட்டி 500 யூனிட் என்பதால் 3000.

மூர்த்தி, செந்தூல்

அக்கா, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றிரவு அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. சிறுநீர் போக ஊசி போட்டார்கள். நாங்கள் பயத்தில்தான் திணறுகிறார் என்று நினைத்தோம்.

சிவகாமி, ஜார்ஜ்டவுன்

அந்தப் பிளாஸ்மாவின் தண்ணீர்ப் பாரமாக இருக்கலாம். பலவீனமான இதயத்துக்கு ஒரு லிட்டர் அதிகம்.

தேவி, கிள்ளான்

எனக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு, உலோகம். போன வருடம் ஐ.என்.ஆர். 5.4. வைட்டமின் கே ஒன்றும் தரவில்லை, இரண்டு நாள் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னை அலட்சியப்படுத்தினார்களா? நானும் பயந்துபோய் ஒரு வாரம் கங்கோங் கீரையாகச் சாப்பிட்டேன்.

சிவகாமி, ஜார்ஜ்டவுன்

உங்களுக்கு ரத்தம் எங்கும் கசியவில்லையே. அப்போது மாத்திரையை நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்ப்பதுதான் சரி. உலோக வால்வு உள்ளவருக்கு வைட்டமின் கே அதிகமாகப் போனால் வால்விலேயே ரத்தம் கட்டலாம். அப்புறம் ஒரு வாரத்துக்கு வார்ஃபரின் சரியாக வேலை செய்யாது, ஹெப்பாரின் ஊசியில் ஓட்ட வேண்டிவரும். கங்கோங்கிலும் வைட்டமின் கே இருப்பதால் அதே வேலையைத்தான் கோணலாகச் செய்யும். கீரை சாப்பிடுங்கள், வாராவாரம் ஒரே அளவாக. புது மருந்துக்கு மாறலாமா என்று கேட்கப் போகிறீர்களென்றால், உலோக வால்வுக்கு மாறக் கூடாது.

நாதன், பிரிக்ஃபீல்ட்ஸ்

கலா கேட்டதற்கு வருகிறேன். மாமா புது மருந்துகளில் ஒன்றான டாபிகாட்ரான் சாப்பிட்டார். சிறுநீரகம் கொஞ்சம் மோசம், அதனால் மருந்து உடம்பில் தேங்கியதாம். மலத்தில் ரத்தம் கொட்டி மயங்கி விழுந்தார். இடாருசிசுமாப் என்று ஒன்று, இரண்டு புட்டி, மொத்தம் 5 கிராம், சில நிமிடத்தில் ஏறியது. அந்த மருந்தை மட்டுமே பிடித்து இழுக்கும் என்றார் டாக்டர். நின்றது. ஆனால் மறுநாள் மறுபடி கொஞ்சம் கசிந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

சிவகாமி, ஜார்ஜ்டவுன்

திசுக்களில் இருந்த மருந்து ரத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கும், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது உண்டு. டயாலிசிஸ் செய்தாலும் டாபிகாட்ரான் ஓரளவு வெளியேறும். மற்ற புது மருந்துகள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அப்படிப் போகாது.

அபிக்சபான், ரிவராக்சபான் வேறு கதை. அவற்றுக்கென்று ஆண்டெக்ஸானெட் என்ற மருந்து 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளைக் கசிவைக் கட்டுப்படுத்துவதில் வழக்கமான சிகிச்சையைவிட மேல்தான், ஆனால் பக்கவாதம் போன்ற ரத்த உறைவு அதிகம் என்று 2024ல் வெளியான ஆய்வு காட்டியது. நான் வேலை பார்த்த இடத்தில் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பி.சி.சி.தான் கொடுப்போம். அது மருந்தை வெளியேற்றாது, உறைய வைக்கும் புரதத்தைக் கூட்டி எதிர்க்கிறது, அவ்வளவுதான். நின்ற ரத்தம் பி.சி.சி.யால் நின்றதா, மாத்திரையின் வேகம் தானே இறங்கியதா என்று எனக்குப் பல தடவை புரிந்ததில்லை.

ஒரு ராத்திரி மறக்காது. அபிக்சபான் சாப்பிடும் பெரியவர், தலையில் அடி. ஐ.என்.ஆர். 1.1 வந்தது. "ரத்தம் நார்மல்தானே, மருந்து இல்லை" என்றார் ஒரு இளம் டாக்டர். ஐ.என்.ஆர். வார்ஃபரினுக்காக வந்த கணக்கு, அபிக்சபான் முழுசாக இருந்தாலும் அது அசையாமல் இருக்கலாம். மருமகளுக்கு போன் போட்டுக் கேட்டோம். சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர் நினைவோடு இருந்ததால், விழுங்க முடியும் என்று பார்த்து, வயிற்றில் மிச்சமிருந்த மருந்தை உறிஞ்சக் கரித்தூளும் கொடுத்தார்கள், பி.சி.சி.யும் கொடுத்தார்கள். எட்டு மணி நேரம் ஆகியிருந்தால் கரித்தூளுக்கு அர்த்தமே இல்லை.

கலா, பட்டர்வொர்த்

அப்படியென்றால் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி ஏன் என்று இப்போது புரிகிறது. நேற்று இரண்டு இடத்தில் காட்டினோம். எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதில் மூளை டாக்டர் எட்டு வாரம் என்கிறார், இதய டாக்டர் நான்கு வாரத்துக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிறார். அபிக்சபான் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அம்மா இருவரையும் பார்த்து, "நீங்களே பேசி முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.