ஈருறுப்பு மரத்தில் நான் 16.70 என்று எழுதிய விடை

நெய்தல்
முதுகலை முதலாண்டில் கொடுத்த கணக்கு இது. பங்கின் விலை 100 ரூபாய். ஒவ்வொரு காலத்திலும் அது 1.1 மடங்காக ஏறும், அல்லது 0.9 மடங்காக இறங்கும். காலத்துக்கு வட்டி 2%. மூன்று காலம் கழித்து முதிரும் ஐரோப்பிய கால் ஆப்ஷன், அதாவது முதிர்வில் மட்டும் பங்கை ஒப்பந்த விலைக்கு வாங்கும் உரிமை. ஒப்பந்த விலை 100. முதிர்வில் பங்கு 133.10, 108.90, 89.10, 72.90 ஆகிய நான்கு இடங்களில் ஒன்றில் நிற்கும். முதல் இரண்டில் மட்டும் கைக்கு 33.10, 8.90 வரும்.

நல்ல நிறுவனம், விலை ஏற நான்கில் மூன்று வாய்ப்பு உண்டு என்றும் கேள்வியில் இருந்தது. நான் 0.75 வைத்துச் சராசரி எடுத்து, மூன்று கால வட்டியால் வகுத்து, 16.70 என்று எழுதினேன். இடர்நடுநிலை நிகழ்தகவு 0.6 வைத்து வரும் 10.36தான் விடை. ஏன் என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

திண்ணை
இடர்நடுநிலை என்றால் இடரைப் பற்றிக் கவலைப்படாத முதலீட்டாளர்கள் என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் உலகில் இல்லை. ஆகவே 10.36 தோராயமான விலைதான் என்றே நான் படித்தேன்.

பழைய கணக்கர்
பெயர் அப்படித் தோன்ற வைக்கிறது, ஆனால் தோராயம் எதுவும் இல்லை. நெய்தல் இந்த ஆப்ஷனை 16.70க்கு விற்றால் நான் அவரிடம் வாங்க மாட்டேன், அதே பொருளை நானே செய்துகொள்வேன். மரத்தை வலமிருந்து இடமாக மடக்கி வாருங்கள். முதல் காலத்தின் மேல் கணுவில் ஆப்ஷன் 15.56, கீழ்க் கணுவில் 3.08. வித்தியாசம் 12.48, பங்கின் வித்தியாசம் 20. ஆகவே இன்று 0.624 பங்கு வாங்க வேண்டும். அதற்கு 62.40 ஆகும். அதில் 52.04 கடன், 10.36 கைக்காசு. விலை ஏறினால் பங்கு 68.64, வட்டியோடு கடன் 53.08, மீதி 15.56. இறங்கினால் 56.16இல் 53.08 போக 3.08. ஒவ்வொரு கணுவிலும் பங்கின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே போனால், முதிர்வில் ஆப்ஷன் தருவதை அப்படியே தந்துவிடும். இதில் 0.75க்கு எங்கேயும் வேலை வரவில்லை, கவனித்தீர்களா? (1.02 − 0.9) ÷ 0.2 = 0.6 என்பது இந்த வேலையைச் சுருக்கிச் சொல்லும் எடை.

நெய்தல்
அந்தக் கடன் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கும் தெளிந்தது. அதற்குப் பிறகும் ஒரு தவறு செய்தேன். 108.90க்குப் போக மூன்று வழிகள் இருப்பதை மறந்து, ஒரு வழியின் 0.6 × 0.6 × 0.4 = 0.144 மட்டும் பெருக்கினேன், 7.94 வந்தது. நான்கு நிகழ்தகவுகளையும் கூட்டினால் 0.52தான் வந்தது, அதில் பிடிபட்டேன். இப்போது இன்னொன்றும் சரிபார்க்கிறேன்: 0.6 வைத்துப் பங்கின் முதிர்வு விலைக்குச் சராசரி எடுத்தால் 106.12 வர வேண்டும், அதாவது 100 ரூபாய்க்கு மூன்று கால வட்டி சேர்ந்த தொகை. வராவிட்டால் மரத்தில் எங்கோ பிழை.

கடற்காற்று
நான் நிஃப்டி கால் வாங்குகிறவன். 0.6 வைத்தால் 133.10க்கு 0.216, 108.90க்கு 0.432, இரண்டும் சேர்ந்து 0.648. அப்படியானால் எனக்குப் பணம் வர 65% வாய்ப்பு என்று கொள்ளலாமா?

பழைய கணக்கர்
கொள்ளாதீர்கள். 0.75 உண்மையாக இருந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 84%. ஆப்ஷன் விலை இரண்டிலும் 10.36தான். உங்கள் வாய்ப்பை இந்த மரம் சொல்லாது. மேலும், பணம் வருவது வேறு, கொடுத்த 10.36க்கு மேல் வருவது வேறு, 108.90இல் முடிந்தால் உங்களுக்கு 8.90தான்.

வேலைமேசை
அலுவலகத்தில் என் முதல் மரம் மாதக் கணுக்களோடு இருந்தது. ஏற்றம் 1.05, இறக்கம் 0.95. வட்டியாக ஆண்டின் 7%ஐ அப்படியே போட்டுவிட்டேன். நிகழ்தகவு 1.2 வந்தது, நிரல் எதிர்ப்பு சொல்லாமல் ஒரு விலையையும் தந்தது. மாத வட்டிக்கு மாற்றினால் ஏறத்தாழ 0.56. ஏற்றத்தைவிட வட்டி அதிகம் என்றால் யாரும் பங்கை வாங்க மாட்டார்கள், வங்கியில் போடுவார்கள். அன்றிலிருந்து இந்த வரியை முதலில் எழுதுகிறேன், இதில் u ஏற்றம், d இறக்கம், R ஒரு ரூபாய் ஒரு காலத்தில் வட்டியோடு ஆகும் தொகை:

```
assert d < R < u
```

திண்ணை
கடன் வாங்கிச் செய்யும் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1.1, 0.9 எங்கிருந்து வந்தன? அவை தவறானால் எல்லாமே தவறுதானே?

வேலைமேசை
உண்மை. 1979இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டீன் தந்த வழிப்படி ஏற்றம் `u = exp(σ√Δt)`, இறக்கம் அதன் தலைகீழ். Δt ஒரு காலத்தின் நீளம், σ பங்கு விலை எவ்வளவு அலைகிறது என்பதன் அளவு. அந்த σ பழைய விலைகளிலிருந்து வர வேண்டுமா, சந்தையில் விற்கும் ஆப்ஷன்களிலிருந்து எடுக்க வேண்டுமா என்பதில் எங்கள் அறையிலேயே இரண்டு கட்சி. நான் இரண்டாவது பக்கம்.

பழைய கணக்கர்
நான் முதலாவது. விற்பவரின் விலையிலிருந்து எடுத்த எண்ணை வைத்து, அவர் விலை சரியா என்று எப்படிச் சோதிப்பது?