தாளின் தடிமனும் அடுக்கின் தடிமனும்: ஒரே சொல் போதுமா?

காரைக்குடி, பள்ளி ஆசிரியை:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒற்றைத் தாளை ஸ்கேலால் அளக்க முடியாது, அதனால் ஒரு ரீமை அளந்து 500ஆல் வகுக்கிறோம். நேற்று 80 ஜிஎஸ்எம் ஏ4 ரீம் ஒன்றின் உறையைப் பிரித்து, நான்கு பக்கமும் தட்டிச் சீராக்கி, மேலே ஒரு பலகை வைத்து அளந்தேன். பலகையை நீக்கிக் கணக்கிட்டால் 53 மி.மீ. பலகை மேல் அம்மிக் குழவியை ஏற்றியதும் 51 ஆகிவிட்டது, அவ்வளவு காற்று! 51ஐ 500ஆல் வகுத்தால் 0.102 மி.மீ. ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தாளுக்கு 0.001 மி.மீ. தான் பிசகும். அளவு கிடைத்துவிட்டது, அதற்குப் பெயர்தான் கிடைக்கவில்லை. 'சராசரித் தடிமன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற கணக்கர்:

டீச்சர், புதுச் சொல் எதற்கு? 'கனம்' என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் புரியும். அப்புறம் உங்கள் அளவில் எனக்குச் சந்தேகம். எங்கள் அப்பச்சி காலத்துப் பேரேட்டை இப்போதுதான் அளந்தேன். அட்டை நீங்கலாக 17 மி.மீ., கடைசிப் பக்க எண் 320. வகுத்தால் 0.053 வருகிறது. அந்தக் காலத்துத் தாள் உங்கள் தாளில் பாதிதானா? நம்ப முடியவில்லை.

தேவகோட்டை, அச்சகம் நடத்துபவர்:

ஐயா, பேரேடு சரியாகத்தான் இருக்கிறது, வகுத்த எண்தான் தப்பு. 320 பக்கம் என்றால் 160 தாள். 17ஐ 160ஆல் வகுங்கள், 0.106 வரும். அட்டையின் முதுகுக்கு அளவு எடுக்க வரும் புதுப் பையன்கள் எல்லோரும் முதல் வாரம் இதே தப்பைச் செய்வார்கள்.

'கனம்' வேண்டாம். எங்கள் கடையில் 'கனமான பேப்பர்' என்றால் ஜிஎஸ்எம் கூடிய பேப்பர், அது ஒரு சதுர மீட்டரின் எடை. ஒரே ஜிஎஸ்எம்மில் ஆர்ட் பேப்பர் மெல்லிசாகவும் மேப்லித்தோ தடிப்பாகவும் இருக்கும். எடைக்கும் தடிமனுக்கும் ஒரே சொல் வைத்தால் முதுகு அளவு தவறும்.

டீச்சர், 'சராசரி'யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துத் தாளை ஒவ்வொன்றாகத் திருகு அளவியில் அளந்து சராசரி எடுத்தாலும் அதே பெயர்தானே? இரண்டும் ஒரே எண்ணாக வராது. ஒற்றைத் தாளை அளக்கும்போது அளவியின் வாய் தாளின் மேடுகளில்தான் முட்டும். அடுக்கில் ஒரு தாளின் மேடு அடுத்த தாளின் பள்ளத்தில் போய் உட்காரும், அதனால் அதே அழுத்தத்தில் எண் கொஞ்சம் குறையும். தாளின் தடிமனை அளப்பதற்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 534 இந்த இரண்டையும் தனித்தனி அளவுகளாகவே வைத்திருக்கிறது. அதில் அழுத்தம் 100 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஏ4 தாள் முழுவதும் அப்படி அழுத்த வேண்டுமானால் அறுநூறு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டும்! உங்கள் குழவி காற்றில் கொஞ்சத்தைத்தான் விரட்டியிருக்கும், மிச்சம் உள்ளேதான் இருக்கிறது.

என் யோசனை: ஒன்று 'ஒற்றைத்தாள் தடிமன்', மற்றது 'அடுக்குத் தடிமன்'.

ஆத்தங்குடி, கல் பட்டறைக்காரர்:

அண்ணே, 'அடுக்குத் தடிமன்' என்று படித்ததும் எனக்கு முழு அடுக்கின் உயரம்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் பத்துக் கல்லை அடுக்கி உயரம் பார்ப்போம். போன மாதம் ஒரு அடுக்கு 20 செ.மீ. காட்டியது, கல்லுக்கு 2 செ.மீ. சரியென்று அனுப்பினேன். தரை போடும்போது ஒன்று தூக்கிக்கொண்டும் ஒன்று இறங்கியும் இருந்தது. கண்ணாடி மேல் வார்ப்பதால் முகம் வழுவழுப்பு, முதுகு கையால் பூசியது. ஒரு கல்லின் கூடுதலை இன்னொன்றின் குறைவு அடுக்கில் மறைத்துவிட்டது. அந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் சொல் சொல்லுமா?

அச்சகம் நடத்துபவர்:

சொல்லாது தம்பி. எந்தப் பெயர் வைத்தாலும் வகுத்து வந்த எண்ணுக்கு அது தெரியாது. ஆலைத் தாள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும், அதனால் எங்களுக்கு வகுத்தல் போதும். உங்களுக்கு ஒவ்வொரு கல்லையும் அளப்பதைத் தவிர வழியில்லை.

காரைக்குடி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் தடிமன் என்றால் சளி பிடிப்பது. 'தாளுக்குத் தடிமன்' என்றால் என் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில் 'தடிப்பு' என்றே படித்தோம். அச்சகத்து ஐயாவே ஓரிடத்தில் 'தடிப்பாக' என்றுதானே எழுதியிருக்கிறார்?

ஆசிரியை:

இங்கே பாடநூலில் 'தடிமன்' என்று இருப்பதால் அதையே வைக்கிறேன், 'தடிப்பு' என்பதையும் பக்கத்தில் தருகிறேன். கல் பட்டறைக்காரர் சொன்ன குழப்பம் நியாயம்தான். அதனால் 51 மி.மீ.க்கு 'அடுக்கு உயரம்', 0.102க்கு 'அடுக்குவழித் தடிமன்' என்று பிரித்திருக்கிறேன். குழவி வைத்ததையும் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

கணக்கர்:

'வழி' எதற்கு டீச்சர்? நீளமாகிறதே. பேரேட்டை மறுபடியும் அளந்தேன், இந்தத் தடவை தாளையும் எண்ணினேன். 158தான் இருக்கிறது. யாரோ இரண்டைக் கிழித்திருக்கிறார்கள்.