நாளைக் காலை நேர்முகம், உறுதி செய்ய முடியவில்லை, அவசரம்

விழுப்புரம்_டிப்ளமோ: நாளை 10 மணிக்கு இன்டர்வியூ என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. வருவதாக இருந்தால் `YES` என்று பதில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பினால் போகவே மாட்டேன் என்கிறது, மூன்று தடவை பார்த்துவிட்டேன். கீழே கொடுத்திருக்கும் எண்ணுக்கு அடித்தால் "நீங்கள் டயல் செய்த எண் சரியல்ல" என்கிறது. என்ன செய்வது? இரவு பஸ் ஏற வேண்டும்.

மணல்மேடு: எந்த ஊரில்? என்ன வேலை? நீங்களாக விண்ணப்பித்ததா, சும்மா வந்ததா?

எச்சரிக்கை_ஏகாம்பரம்: மோசடி. பதில் போகாது, எண்ணும் இல்லை, வேறென்ன சாட்சி வேண்டும்? போனதும் "திரும்பக் கிடைக்கும் டெபாசிட்" என்று 2,000 கேட்பார்கள். பணம் கட்டியிருந்தால் உடனே 1930க்கு அடியுங்கள்.

விழுப்புரம்_டிப்ளமோ: பணம் எதுவும் கேட்கவில்லை. கல்லூரி மூலம் விண்ணப்பித்தேன். குவாலிட்டி பிரிவில் டிரெயினி. இடம் சவுத் ஃபேஸ், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், சென்னை. கிண்டிதானே?

பழைய_பெஞ்ச்: இதே கேள்வி மாதம் நான்கு முறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படிக்கத் தெரியாதவர் குவாலிட்டியில் எதைப் பரிசோதிக்கப் போகிறார்?

மணல்மேடு: அவரே பதற்றத்தில் இருக்கிறார், விடுங்கள். தம்பி, அனுப்பியவர் பெயர் எப்படி இருக்கிறது? எண்ணில் எத்தனை இலக்கம்? முகவரியில் பின்கோடு இருக்கிறதா?

விழுப்புரம்_டிப்ளமோ: பெயர் எழுத்துகளாக இருக்கிறது, கடைசியில் `-S`. எண் 8 இலக்கம், 26இல் தொடங்குகிறது. பின்கோடு 600058.

லைன்மேன்_ரவி: 0 போட்டு அடியுங்கள். 2021 ஜனவரியிலிருந்து அதுதான் விதி.

மணல்மேடு: ரவி சார், அது லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்கும்போது. இது நேர் எதிர். தம்பி, அது சென்னை லேண்ட்லைன். மொபைலிலிருந்து அடித்தால் முன்னால் 044 வேண்டும். சென்னைக்காரர்கள் எட்டு இலக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள், வெளியூர்க்காரர் மாட்டிக்கொள்வார்.

`YES` போகாததற்குக் காரணமும் சாதாரணமானதுதான். எழுத்துப் பெயரில் வருவது ஒருவழிப் பாதை, அதற்குப் பதில் அனுப்பவே முடியாது. வாட்ஸ்அப்புக்கு எழுதிய வாசகத்தை யாரோ அப்படியே எஸ்எம்எஸ்ஸிலும் ஒட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைசி S என்றால் சேவைச் செய்தி, விளம்பரமாக இருந்தால் P. பதிவு செய்த பெயர் என்பதற்கு அது அடையாளம், அனுப்பியவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. அதனால் கல்லூரி பிளேஸ்மென்ட் சாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முக்கியமான விஷயம்: கிண்டிக்குப் போய்விடாதீர்கள்! சவுத் ஃபேஸ் கிண்டியிலும் உண்டு, அம்பத்தூரிலும் உண்டு. கிண்டி எஸ்டேட் 600032. உங்களுடைய 600058 அம்பத்தூர் எஸ்டேட். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் கோயம்பேடு போய் அங்கிருந்து மாறுங்கள். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை_ஏகாம்பரம்: இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விழுப்புரம்_டிப்ளமோ: ஐயோ, கிண்டிக்குத்தான் கிளம்பியிருப்பேன். ஆவணம் "ஒரிஜினல் மற்றும் நகல்" என்று மட்டும் இருக்கிறது. எத்தனை செட்?

செல்வி_குரூப்4: நான் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது சாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் மாறியிருந்தது, பாதி நாள் போனது. சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், கெஜட்டட் கையெழுத்து எல்லாம் வேண்டும்.

மணல்மேடு: அது அரசுத் தேர்வுக்கு, அக்கா. இது தனியார் கம்பெனி. பத்தாம் வகுப்பு, டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்கள், டிசி, ஆதார், இரண்டு போட்டோ, ரெஸ்யூமே இரண்டு பிரதி. ஜெராக்ஸ் இரண்டு செட், ஒவ்வொன்றிலும் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பழைய_பெஞ்ச்: டிஜிலாக்கர் இருக்கும்போது ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவானேன்? சட்டப்படி அதுவும் ஒரிஜினலுக்குச் சமம்.

லைன்மேன்_ரவி: சட்டம் சரி சார், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் போய்ச் சொல்லுங்கள். என் மகனை ஃபோனை உள்ளேயே விடவில்லை. அப்புறம் டிஜிலாக்கரை எதில் திறப்பது?

பழைய_பெஞ்ச்: ஒரு கம்பெனியை வைத்து எல்லாவற்றையும் சொல்லாதீர்கள்.

லைன்மேன்_ரவி: நீங்கள் எத்தனை கம்பெனி கேட்டில் நின்றீர்கள்?

மணல்மேடு: நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். தம்பி, ஃபோனை வாங்கி வைத்தால் முகவரி, எண், சந்திக்க வேண்டியவர் பெயர் எல்லாம் அதிலேயே போய்விடும். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். உறுதி செய்யப் பேசும்போது பெயர், பதவி, தேதி, நேரம் சொல்லிவிட்டு, "அம்பத்தூர்தானே, எந்த கேட்?" என்று நீங்களே கேளுங்கள்.

பழைய_பெஞ்ச்: டிஜிலாக்கர் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

விழுப்புரம்_டிப்ளமோ: 044 போட்டதும் எடுத்தார்கள். அம்பத்தூர்தான், இரண்டாவது கேட். 9.15க்கே வரச் சொன்னார்கள், எஸ்எம்எஸ்ஸில் அது இல்லை. ஜெராக்ஸ் கடை மூடப்போகிறது, ஓடுகிறேன்.