இங்கிலாந்து பையருக்கு ஜனவரி 31-ல கணக்கு முடிப்பா?

திருப்பூர்_செல்வி:
டிசம்பர்ல அனுப்பின சரக்குக்குப் பேமென்ட் கேட்டா, "ஜனவரி 31 எங்க இயர் எண்டு, பிப்ரவரில பார்க்கலாம்"னு பையர் மெயில் போடறாங்க. கம்பெனின்னா மார்ச் 31 தானுங்களே? அவங்க தேதி நிஜமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நொய்யல்கரை:
சாக்குங்க அது. 2013 கம்பெனிச் சட்டப்படி எல்லாருக்கும் மார்ச் 31 தான். வெளிநாட்டுல தாய்க் கம்பெனியோ, துணைக் கம்பெனியோ, கூட்டுக் கம்பெனியோ இருந்தா மட்டும் அனுமதி வாங்கி வேற தேதி வச்சுக்கலாம். மத்தபடி தேதியை மாத்தறவன் எதையோ மறைக்கறான்.

ஈரோடு_ஆடிட்டர்:
நீங்க சொன்ன சட்டம் சரி. ஆனா அது நம்ம ஊர்ல பதிஞ்ச கம்பெனிக்குத்தான். இங்கிலாந்துல தேதியை கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கலாம். ஒண்ணும் சொல்லலைன்னா, பதிஞ்ச மாசத்தோட கடைசி நாள் தானா வந்துடும். 2019 ஜூன் 12-ல பதிஞ்சிருந்தா, வருஷா வருஷம் ஜூன் 30.

துணிக்கடைக்காரங்க ஜனவரிய விரும்பறதுக்குக் காரணம் இருக்குங்க. கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிஞ்சு, வாங்கினவங்க திருப்பிக் கொடுத்ததும் வந்து சேர்ந்து, தள்ளுபடியும் போட்டு முடிச்சிருப்பாங்க. குடோன்ல சரக்கு கம்மி, எண்ணறது சுலபம். டிசம்பர் 31-ல முடிச்சா, வித்ததா திரும்பி வந்ததான்னு தெரியாம பாதி வருமானம் தொங்கிட்டு நிக்கும். வால்மார்ட்டுக்கு ஜனவரி 31, எச் அண்ட் எம்முக்கு நவம்பர் 30. யாரும் மறைக்கறதுக்காக வச்ச தேதி இல்லீங்க.

செல்விம்மா, பையரோட ஆர்டர் பேப்பர்ல அடியில கம்பெனி நம்பர் இருக்கும். அங்க அதைப் போட்டே ஆகணும். பேரை வச்சுத் தேடாதீங்க, ஒரே குரூப்புல ஏழெட்டுக் கம்பெனி இருக்கும். `find-and-update.company-information.service.gov.uk`-ல அந்த நம்பரை அடிங்க, காசு கிடையாது. `Next accounts made up to` அப்படின்னு ஒரு வரி வரும். அதுல இருக்கறதுதான் தேதி. பக்கத்துல இருக்கற `due by` கணக்கு தாக்கல் பண்ற கெடு. பலர் அதைப் பார்த்துக் குழம்பறாங்க.

கருமத்தம்பட்டி_குமார்:
அண்ணா, நாங்க போன பிப்ரவரில பிரைவேட் லிமிடெட் பதிஞ்சோம். உடனே மார்ச்லயே கணக்கு முடிச்சிருக்கணுமா?

ஈரோடு_ஆடிட்டர்:
தம்பி, அது வேற கேள்வி. ஜனவரி 1-லயோ அதுக்கு அப்புறமோ பதிஞ்சா, முதல் பேலன்ஸ் ஷீட் அடுத்த வருஷம் மார்ச் 31-க்கு. வருமான வரிக்கு அந்தச் சலுகை இல்லை, அந்தக் கொஞ்ச நாளுக்கும் தனியா ரிட்டர்ன் போடணும்.

நொய்யல்கரை:
சரிங்க, தேதி வேற வேறயா இருக்கலாம். ஆனா ஒருத்தன் அடிக்கடி தேதிய மாத்தினா சந்தேகப்படக் கூடாதுங்களா?

ஈரோடு_ஆடிட்டர்:
கண்டிப்பா சந்தேகப்படணும். அதே தளத்துல `Filing history`-ல, தேதியை மாத்தறதுக்குக் கொடுக்கற AA01-ங்கற படிவம் இருக்கான்னு பாருங்க. ஜூன் 30 கம்பெனி ஜனவரி 31-க்கு ஒரு தடவை மாறியிருந்தா, புது முதலாளியோட தேதிக்கு ஒத்துப்போக மாத்தியிருப்பாங்க. பயப்பட வேண்டாம். ஆனா 2024 ஜூன் 30-ஐ ஜூன் 29-னு ஒரே ஒரு நாள் குறைச்சிருந்தா கவனிங்க. பிரைவேட் கம்பெனிக்குக் கெடு 9 மாசம், அதாவது 2025 மார்ச் 31. மார்ச் கடைசில அந்தப் படிவத்தைக் கொடுத்தா, கொடுத்த நாள்ல இருந்து 3 மாசம் கிடைச்சுடும். கணக்கு ஜூன் கடைசி வரைக்கும் வெளிய வராது. அடுத்த வருஷமும் அதே மாதிரி ஒரு நாள் குறைஞ்சா, நான் கடன்ல சரக்கு அனுப்ப மாட்டேன்.

இன்னொண்ணு. பேலன்ஸ் ஷீட்ல தேதி ரெண்டு மூணு நாள் தள்ளி இருந்தா தப்புன்னு நினைக்காதீங்க. ஏழு நாள் முன்ன பின்ன இருக்கலாம். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் சனிக்கிழமையா பார்த்து முடிப்பாங்க: 2024-ல மார்ச் 30, 2025-ல மார்ச் 29.

திருப்பூர்_செல்வி:
பார்த்துட்டேனுங்க. ஜனவரி 31 தான். AA01 ஒண்ணும் இல்லை.

பல்லடம்_நிட்ஸ்:
தேதி நிஜம்னா பேமென்ட் லேட்டும் நியாயம்னு ஆயிடாதுங்க. வருஷக் கடைசில பேங்குல பணம் நிறையக் காட்டணும்னு சப்ளையரை இழுத்தடிக்கற பையர் உண்டு. ஒப்பந்தத்துல 60 நாள்னா 60 நாள்தான். இயர் எண்டு அதுல எங்க வருது?

ஈரோடு_ஆடிட்டர்:
அதுல உங்களோட நிக்கறேன். ஆனா வேணும்னே இழுக்கறாங்களா, கையில பணமே இல்லையான்னு தேதியை வச்சுச் சொல்ல முடியாது. போன ரெண்டு வருஷத்து பேலன்ஸ் ஷீட்ல சப்ளையருக்குத் தர வேண்டிய தொகையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க செல்விம்மா. சின்னக் கம்பெனின்னா வித்த தொகை இருக்காது, அதனால அந்த ஒப்பீடு அரைகுறையாத்தான் இருக்கும்.

நொய்யல்கரை:
நான் இன்னும் சாக்குன்னுதான் சொல்றேன்.