ஆட்குறைப்பு செய்தவர்களைக் கூப்பிடாமல் புது ஆள் எடுத்தால்: 25எச் பற்றி நீங்கள் பார்த்தவை

சுரங்கச் சங்கம்:
வேலையை விட்டு அனுப்பியவர்களுக்குச் சொல்லாமலே கம்பெனி மறுபடி ஆள் எடுக்கிறது. புது ஆள் எடுக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை தரும் 25எச் பிரிவு பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்தும், பல வழக்குகள் ஒரு தபால் கவரில்தான் தோற்கின்றன. அதனால் கவரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 2023 மார்ச்சில் 11 டம்பர் டிரைவர்களை ஆட்குறைப்பு செய்தார்கள். 2024 மே மாதம் 4 டிரைவர் இடம் விழுந்தது. சுரங்கம் என்பதால் அப்போது அந்தச் சட்டத்தின் 1957 மத்திய விதிகள்தான் பொருந்தின. அதில் 78ஆவது விதிப்படி, இடங்களை நிரப்பும் தேதிக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக நோட்டீஸ் போர்டில் விவரம் ஒட்ட வேண்டும். தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ரிஜிஸ்டர் தபாலிலும் தெரிவிக்க வேண்டும். இடம் குறைவு, ஆள் அதிகம் என்றால் சீனியாரிட்டி லிஸ்டில் மேலே இருப்பவர்களில் காலியிடத்தைப் போல இரண்டு மடங்கு பேருக்கு அனுப்பினால் போதும். 4 இடம் என்றால் 8 கடிதம்.

அங்கே 8 கடிதமும் போயின. ஆனால் போர்டில் ஒட்டியது மே 20, புது ஆட்கள் வேலைக்கு வந்தது மே 27. இடையில் ஏழே நாள். 8 கவர்களில் 3 திரும்பி வந்தன. தபால்காரர் பின்பக்கம் நீல மையில் 'வீடு மாறிவிட்டார்' என்று எழுதியிருந்தார். ஒட்டிய தேதிக்கும் சேர்ந்த தேதிக்கும் இடைவெளி போதாது என்பது ஒரு பாயிண்ட். திரும்பி வந்த கவரோ நிர்வாகத்துக்குச் சாதகம். ஆட்குறைப்பின்போது கொடுத்த முகவரிக்கோ, அதன்பிறகு தொழிலாளி தெரிவித்த முகவரிக்கோ அனுப்பினால் விதி நிறைவேறிவிடும். வீடு மாறினால் ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கி வையுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் நல்ல கேஸ்கள் போயிருக்கின்றன.

பஞ்சாலை ஓய்வு:
நல்ல தகவல் தோழர். ஆனால் 240 நாள் வேலை பார்த்தவர்களுக்குத்தானே இந்த உரிமை? தற்காலிகமாக நாலைந்து மாதம் இருந்தவர்களுக்குக் கிடையாது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சுரங்கச் சங்கம்:
பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அண்ணே. 240 நாள் கணக்கு 25எஃப்-க்கு, அதாவது நோட்டீஸுக்கும் இழப்பீட்டுக்கும். 25எச்-இல் அந்த நிபந்தனையே இல்லை. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவுக்கும் எஸ்.சத்யத்துக்கும் நடந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், தாமதமாக வந்ததால் அந்தத் தொழிலாளர்களுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. சட்டத்தில் ஜெயித்தும் வேலை போனது. புது ஆள் எடுப்பது தெரிந்ததும் அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

மனிதவளம்_தெற்கு:
நிர்வாகத் தரப்பில் இந்தக் கடிதங்களைத் தயாரிக்கும் வேலையில் இருப்பதால் ஒரு விஷயம். கடிதத்தில் குறித்த தேதியில் வராமல், காரணத்தையும் எழுத்தில் தராமல் விட்டால், அடுத்த முறை காலியிடம் வரும்போது அவருக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. 78ஆவது விதியே அப்படிச் சொல்கிறது. போனில் "உடம்பு சரியில்லை சார்" என்று சொன்னதை ஃபைலில் காட்ட முடியாது. ஒரு வரி எழுதி, மருத்துவச் சான்று இணைத்து அனுப்புங்கள்.

இன்னொன்று, திரும்ப எடுத்தால் பழைய சர்வீஸ் தொடரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது புது நியமனம்தான். வாங்கிய இழப்பீட்டைத் திருப்பிக் கட்டச் சொல்லவும் கூடாது.

விஆர்எஸ்_2021:
சார், நான் 2021இல் விஆர்எஸ் வாங்கினேன். இப்போது எங்கள் பிளாண்டில் ஆள் எடுக்கிறார்கள். எனக்கு முன்னுரிமை உண்டா? மொத்தப் பணமும் வாங்கியாகிவிட்டது.

சுரங்கச் சங்கம்:
கிடையாது தம்பி. விருப்ப ஓய்வு ஆட்குறைப்பு என்ற விளக்கத்துக்குள்ளேயே வராது. கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் அது வேறு சண்டை. அதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

கூலிப்பட்டியல்:
யாரும் தொடாத ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குக் குறைவான காலியிடம் என்றால் தனிக்கடிதம் அனுப்ப வேண்டியதில்லை. இதைப் பிடித்துக்கொண்டு 26 நாளுக்கு ஆள் எடுப்பார்கள், இரண்டு நாள் விடுவார்கள், மறுபடி 26 நாள். மஸ்டர் ரோலை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தால் அதே பெயர், அதே பிஎஃப் எண். லேபர் கோர்ட்டில் அந்த மூன்று நான்கு மாத மஸ்டரையும் வேஜ் ரிஜிஸ்டரையும் தாக்கல் செய்யச் சொல்லி மனு போட வேண்டும். விலக்கு கடிதத்துக்கு மட்டும்தான். முன்னுரிமை என்ற கடமைக்கு விலக்கு இல்லை என்பது என் வாதம்.

கான்ட்ராக்டர் மூலம் எடுத்தால் கஷ்டம். "நாங்கள் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை" என்பார்கள். கான்ட்ராக்ட் பெயரளவுக்குத்தான் என்று காட்ட, லீவு யார் தருகிறார்கள், ஷிப்ட் யார் போடுகிறார்கள், மெஷினில் வேலை சொல்வது யார் என்று சாட்சி வேண்டும்.

மனிதவளம்_தெற்கு:
ஏற்கெனவே வேலையில் இருக்கும் தற்காலிகப் பணியாளரை நிரந்தரமாக்கினால் அது புது நியமனம் ஆகாது. பராரா கூட்டுறவுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அதே தீர்ப்பில், பணிநீக்கமே சட்டவிரோதம் என்று தீர்ப்பாகி, வேலைக்குப் பதிலாக இழப்பீடு வாங்கிக்கொண்டவருக்கு 25எச் பொருந்தாது என்றும் வந்திருக்கிறது. சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டோடு இதைக் குழப்பிவிடக் கூடாது.

பஞ்சாலை ஓய்வு:
புது தொழிலுறவுக் குறியீடு வந்துவிட்டதே? ஒரு வருஷம்தான் என்கிறார்களே?

சுரங்கச் சங்கம்:
ஆமாம் அண்ணே, மனசுக்கு வேதனையான விஷயம். தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த குறியீட்டின் 72ஆவது பிரிவு, ஆட்குறைப்பிலிருந்து ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால்தான் முன்னுரிமை என்கிறது. 25எச்-இல் இந்தக் காலக்கெடு இல்லை. மேலே சொன்ன சுரங்கத்தில் 14 மாதம் கழித்து எடுத்தார்கள். இன்றைய பிரிவின்படி அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. பதின்மூன்றாவது மாதம் வரை ஓவர்டைமில் ஓட்டிவிட்டு ஆள் எடுக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட இது வழி திறந்துவிட்டது.

கூலிப்பட்டியல்:
நவம்பருக்கு முன்பே ஆட்குறைப்பு ஆகி, அதற்குப் பிறகு காலியிடம் வந்தால்? பழைய சட்டத்தில் கிடைத்த உரிமை நிற்குமா, ஓராண்டு வெட்டுமா?

சுரங்கச் சங்கம்:
நிற்கும் என்று நான் வாதாடுவேன். ஆட்குறைப்பு நடந்த அன்றே பிறந்த உரிமை அது.

மனிதவளம்_தெற்கு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலியிடம் வந்தால்தான் உரிமையே பிறக்கிறது, அன்றைக்கு எந்தச் சட்டமோ அதுதான் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார்.

கூலிப்பட்டியல்:
அப்படியானால் அந்தக் காலத்தில் ஆட்குறைப்பு ஆனவர்கள் ஓராண்டு முடியும் முன்பே "வேலைக்குத் தயார்" என்று முகவரியோடு ஒரு கடிதம் ஒப்புகை அட்டையுடன் அனுப்பி வைப்பது நல்லது. எந்த வாதம் ஜெயித்தாலும் அந்த அட்டை உதவும்.